உருண்டைக் கல்லின் அடிப்பக்கம்

துளை போடும் கம்பெனியில் அவளைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தரைக்குள் இருந்து வரும் கல்லைப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. ரிக் என்கிற இயந்திரம் தரையைக் குடைந்து, கையளவு பருமனில் உருளை உருளையாகக் கல்லை வெளியே எடுக்கும். அந்த உருளைகளைக் கழுவி, எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று முறை மாறாமல் பெட்டியில் வைத்து, ஆழத்தைப் பெயிண்டில் எழுதி, தாளில் அளவைப் பதிந்து கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வருஷமாக அவள் இதைச் செய்கிறாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அவள் எழுதிய தாளில் ஒரு சென்டிமீட்டர் தப்பு என்று இதுவரை யாரும் விரல் வைத்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் ரிக் ஆபரேட்டர் முதலில் சொல்வதே, பெட்டியக்காவின் டேப்பை மட்டும் தொடாதே என்பதுதான்.

அவள் தங்கை அதே கம்பெனியில் மண்ணியல் அதிகாரி. அக்காவின் சம்பளத்தில் கல்லூரிக்குப் போனவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. தளத்தில் எல்லோருக்கும் அவள் மேடம். முதல் நாளே தங்கை அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, நீ என்னைப் பேர் சொல்லியே கூப்பிடு என்று சொல்லிவிட்டாள். அக்கா கேட்கவில்லை. "சரிங்க மேடம்" என்றாள். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் அந்த "மேடம்" என்ற சொல்லை எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி அழுத்திச் சொல்வாள். தங்கை முகம் சுருங்குவதைப் பார்த்தபின் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும்.

வீட்டிலும் அந்தக் கதைதான். இரண்டு அறை வீடு, அம்மா, அக்கா, தங்கை. மஞ்சள் தலைக்கவசத்தோடு தங்கை நிற்கிற போட்டோவை அம்மா முன்னறையில் மாட்டியிருந்தாள். யார் வந்தாலும் அந்தப் போட்டோவுக்குக் கீழே இருக்கிற நாற்காலியில்தான் உட்கார வைப்பாள். "பூமிக்குள்ள என்ன இருக்குன்னு இவ சொன்னாத்தான் கட்டடமே எழும்பும்" என்பாள். பெரியவளும் அதே தலைக்கவசத்தைத்தான் பதினெட்டு வருஷமாகப் போடுகிறாள். அவளை யாரும் போட்டோ எடுக்கவில்லை. இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை வீட்டைத் துடைக்கும்போது அந்தக் கண்ணாடிச் சட்டத்தை மட்டும் துடைக்காமல் விட்டுவிடுவாள்.

இந்த முறை வேலை ஒரு குன்றின் அடிவாரத்தில். குன்றின் சரிவில் வீடுகள் பெருகிவிட்டதால் அவற்றுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு பெரிய தொட்டி கட்டப் போகிறார்கள். நாலு தூண்கள், ஒவ்வொரு தூணுக்கும் கீழே பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க நாலு துளைகள். குன்றின் மேலே யானை அளவு உருண்டைக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்று, தொட்டால் விழுந்துவிடும் போல ஒரு முனையில் நின்றது. தங்கை முதல்முறையாகத் தன் பொறுப்பில் நடத்துகிற வேலை அது. அறிக்கையில் அவள் கையெழுத்துதான் வரும்.

மூன்றாவது நாள் தொட்டி கட்டுகிற இன்ஜினியர் தளத்துக்கு வந்தார். மேலே இருக்கிற கல்லைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். இதை யார் கொண்டுபோய் மேலே வைத்தார்கள், உருண்டு வந்தால் என் தொட்டி என்ன ஆகும் என்று கேட்டார்.

தங்கை சிரித்தாள். யாரும் வைக்கவில்லை, அது எங்கிருந்தும் வரவும் இல்லை, இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது என்றாள். ஒரு காலத்தில் இந்தக் குன்றும் பூமிக்குள் இருந்த ஒரே பாறை. அதில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள். மழைத் தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியாக இறங்கி, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக இற்றுப்போக வைத்தது. கல்லுக்குள் இருக்கும் பளபளப்பான மணிகளில் சில களிமண்ணாக மாறின, மற்றவை பிடிப்பு விட்டு உதிர்ந்தன. அப்படி இற்ற பாறைதான் நாம் சாலைக்குப் போடுகிற மஞ்சள் சரளை. வெடிப்புக்கு நடுவில் இருந்த கட்டி மட்டும் உள்ளே கெட்டியாக நின்றது. இவ்வளவும் நடந்தது வெளிச்சமே படாத மண்ணுக்கு அடியில், லட்சக்கணக்கான வருஷங்களாக.

"ஆனா அது ஏன் உருண்டையா இருக்கு?" என்றார் இன்ஜினியர்.

"சோப்புக்கட்டியைப் பாருங்க சார். புதுசா வாங்குறப்ப நாலு மூலையும் கூரா இருக்கும். நாலு நாள் தேய்ச்சா எது முதல்ல போகுது? மூலைதான். மூலைக்கு மூணு பக்கத்துலேருந்து தண்ணி படும். அப்படித்தான் கல்லும். பிறகு மழை, சுத்தி இருந்த சரளையை அடிச்சிட்டுப் போயிடுது. நடுவுல இருந்த உருண்டைங்க மட்டும் அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துடுது. வெடிப்பு கம்மியா இருந்த இடம் முழுக் குன்றா நிக்குது."

இன்ஜினியர் அசந்துபோனார். இவ்வளவு எளிமையாக எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை என்றார்.

பத்தடி தள்ளிக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்த பெட்டியக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. அந்தச் சோப்புக்கட்டி அவளுடையது. தங்கை கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும்போது, புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் புரியவில்லை என்று அழுதாள். அப்போது அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த சோப்பை நீட்டி, இதைப் பாருடி, மூலையைப் பாரு என்று காட்டினாள். தளத்தில் நூற்றுக்கணக்கான உருளைகளைக் கழுவிய கையால் அவளாகக் கண்டுபிடித்த விஷயம் அது. கெட்டிக் கல்லின் ஓரத்தில் எப்போதும் ஒரு விரல்கடை அகலத்துக்கு மஞ்சளும் பழுப்புமாக இற்றுப்போன ஒரு பகுதி வரும். அவள் அதைத் தோல் என்று சொல்வாள். அதையெல்லாம் இன்றைக்கு மேடம் தன் சொந்தச் சரக்கு மாதிரி அவிழ்த்துப் போட்டுப் பாராட்டு வாங்குகிறாள். அக்கா சொன்னது என்று ஒரு வார்த்தை வரவில்லை. "எங்க வீட்ல சொல்லுவாங்க" என்றுகூட வரவில்லை.

கடைசியாக விட்டிருந்த மூன்றாவது துளையில் அப்போதுதான் பாறை தட்டியது. ஆறு மீட்டர் இருபதில். மற்ற மூன்று துளைகளிலும் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் பாறை வந்திருந்தது. அங்கெல்லாம் மூன்று மீட்டர் பாறைக்குள் இறங்கிப் பார்த்திருந்தார்கள். அதுதான் வழக்கம். இங்கே ஒன்றரை மீட்டர் இறங்கியதும், பாறையை அறுக்கும் முனையான பிட் மழுங்கிவிட்டது. புது பிட் வர ஒரு வாரம் ஆகும் என்றார் ஆபரேட்டர். கல் உருளை வந்து தங்கும் குழாயான பேரலை வெளியே இழுத்துத் தட்டினார். சாம்பல் நிறத்தில் மின்னுகிற கெட்டிக் கல் வரிசையாகத் தட்டில் வந்து விழுந்தது. இன்ஜினியர் பக்கத்திலேயே நின்றார். தங்கை குனிந்து பார்த்தாள், ஒரு துண்டைச் சுத்தியால் தட்டினாள், மணி போல ஒலித்தது.

"பாறை வந்தாச்சு. மத்த துளைங்க மட்டத்துக்கே வந்திருக்கு. இது போதும், நிறுத்திடலாம்" என்றாள். இன்ஜினியருக்கும் சந்தோஷம். இருவரும் அலுவலகக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். ஆபரேட்டர் கடைசியில் தண்ணீர் பழுப்பாக வந்ததென்று முணுமுணுத்தார். மேலே துளையின் வாய் சரியாமல் தாங்கும் கேசிங் குழாய் சரியாக உட்காராமல் மண் கசிந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டு துளைக்கும் கம்பிகளான ராடுகளைக் கட்டப் போனார்.

பெட்டியக்கா தட்டில் இருந்ததை அளந்தாள். ஒரு மீட்டர் முப்பத்தெட்டு. ஒன்றரை இறங்கியிருக்கிறது. பன்னிரண்டு குறைகிறது. கடைசித் துண்டு பேரலின் வாயில் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான். அவள் பேரலைக் கவிழ்த்து மரச்சுத்தியால் தட்டினாள். துண்டு வந்து கையில் விழுந்தது. சரியாகப் பன்னிரண்டு சென்டிமீட்டர். வழக்கப்படி முதலில் தாளில் எழுதினாள்: இறங்கியது 1.50, கிடைத்தது 1.50. பிறகுதான் துண்டைத் தண்ணீரில் கழுவினாள்.

மேல்பாதி சாம்பல். கீழ்ப்பாதி போகப் போக மஞ்சள், பிறகு பழுப்பு. அடிமுனையை நகத்தால் சுரண்டினால் மணலாக உதிர்ந்தது.

தோல். அதுவும் அடிப்பக்கத்தில்.

அவள் நிமிர்ந்து குன்றின் மேல் நிற்கிற கல்லைப் பார்த்தாள். அதுவும் ஒரு காலத்தில் இப்படி மண்ணுக்குள், சுற்றிலும் சரளை சூழக் கிடந்ததுதானே. அந்தக் குன்றின் பிள்ளை ஒன்று இன்னும் வெளியே வராமல் இந்தத் துளைக்கு அடியில் கிடக்கலாம். கிடந்தால் இது பாறை இல்லை, சரளையில் மிதக்கிற வெறும் உருண்டை. அதன் தலையில் கொண்டுபோய்த் தொட்டியின் தூணை நிறுத்தினால் ஒருநாள் தூண் ஒருபக்கமாக இறங்கும்.

மேடத்துக்குப் போன் பண்ண வேண்டும். போன் பையில் இருந்தது. கை பைக்குள் போனது. போனை எடுக்காமல், துண்டைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. சோப்புக்கட்டி சொல்லத் தெரிந்தவளுக்குச் சோப்புக்கு அடிப்பக்கம் உண்டென்று தெரியாமல் போகுமா, பார்க்கலாம் என்று ஒரே ஒரு வரி மனசுக்குள் ஓடியது. பெட்டியில் இடைவெளி தெரியாதபடி மற்ற துண்டுகளை லேசாக விலக்கி வைத்தாள். பதினெட்டு வருஷத்தில் துண்டுகளை நெருக்கி மட்டுமே வைத்துப் பழகிய விரல்கள், ஏதோ அடுத்தவர் பெட்டியைத் தொடுகிற மாதிரி தடுமாறின. மேலே டேப்பை விரித்துப் போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

வீட்டில் அந்தக் கல் துண்டு, அலமாரியின் மேல்தட்டில், பழைய போர்வைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

அடுத்த இரண்டு நாளும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தங்கை வெள்ளிக்கிழமை அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறாள். அதற்குள் சொல்ல வேண்டும், சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுக்கும்போது அம்மா ஏதாவது சொல்லிவிடுவாள். இன்ஜினியர் போன் பண்ணி உன் தங்கச்சியை அப்படிப் புகழ்ந்தாராம் என்பாள். உடனே வாய் மூடிக்கொள்ளும். அறிக்கை போய், குழி தோண்டி, பாறையைக் காணோம் என்று எல்லோரும் தலையில் கைவைத்து நிற்கிற காட்சியை அவள் மனசில் ஓட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காட்சியில் எப்படியும் அந்தக் குழியை யாரும் தோண்டிப் பார்க்காமல், நேராகக் கான்கிரீட் கொட்டிவிடுகிற இடம் ஒன்று வந்தது. அது வரும்போதெல்லாம் எழுந்து போய் முகம் கழுவினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தங்கை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். பாறையோட தரம் போடுறதுக்காகப் போட்டோல ஒவ்வொரு துண்டா அளந்து கூட்டினேன். மூணாம் துளையில ஒண்ணு முப்பத்தெட்டுதான் வருது. உன் தாள்ல ஒண்ணரைன்னு இருக்கு."

அக்கா அரிசித் தண்ணீரை வடித்தாள். மெதுவாக வடித்தாள்.

"நாலு தரம் கூட்டிட்டேன். நான் போட்டோல அளக்குறதுல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் தப்பலாம். பன்னெண்டு தப்பாது. துண்டுங்களுக்கு நடுவுல இடைவெளி வேற தெரியுது. நீ இடைவெளி விட மாட்டியே."

இங்கேதான் பெட்டியக்காவின் மொத்தப் பிழைப்பும் ஒரு நூலில் தொங்கியது. எழுதும்போது கை தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கை நம்பிவிடுவாள். அறிக்கை போய்விடும். ஆனால் அதற்கு, தான் எழுதிய தாள் தப்பு என்று அவள் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதுவும் இவளிடம், இந்த மேடத்திடம்.

"என் தாள்ல தப்பு இருக்காது" என்றாள். குரல் அவளுக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது.

"அதைத்தான் நானும் சொல்றேன். அப்ப மீதி எங்க?"

அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். உள்ளே போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்வையை விலக்கினாள். துணியைப் பிரித்துக் கல்லைச் சமையல் மேடையில் வைத்தாள். தங்கை அதை எடுத்துப் பார்த்தாள். மேலே பார்த்தாள், புரட்டினாள். பழுப்பு முனையில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். மணல் கொட்டியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது அடிப்பக்கமா?"

"சோப்புக்கட்டி மேல மட்டுமாடி கரையும்? அடியிலும்தான் கரையும். அதை நான் உனக்குச் சொல்லித் தரல, தப்புதான்."

தங்கை விரலில் ஒட்டிய மணலைப் பார்த்தாள். அக்கா இதற்குத்தான் காத்திருந்தாள். கத்துவாள், அழுவாள், ஏன் ஒளிச்சு வெச்ச என்று கேட்பாள். கேட்டால் அந்தப் போட்டோவிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல ஒரு மூட்டை இருந்தது.

தங்கை கேட்கவில்லை. "நான் நின்னு பார்த்திருக்கணும். கடைசித் துண்டு வாயில சிக்கும்னு எனக்குத் தெரியும். அந்த ஆளு பாராட்டினதுல மயங்கிப் போய்க் கார்ல ஏறிட்டேன்" என்றாள். பிறகு கல்லைப் பார்த்துக்கொண்டே, "இது வெறும் வெடிப்பாவும் இருக்கலாம். பாறைக்குள்ளயே ஒரு வெடிப்பு, அதோட ஓரம் மட்டும் இத்துப்போயிருக்கலாம். தோண்டினாத்தான் தெரியும்."

அங்கேயே உட்கார்ந்தபடி இன்ஜினியருக்குப் போன் போட்டாள். மூன்றாம் துளையைத் தான் அவசரப்பட்டு நிறுத்திவிட்டதாகவும், ரிக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றும், புது பிட் வருகிறவரை அறிக்கை வராது என்றும் சொன்னாள். எதிர்ப்பக்கம் என்னவோ சத்தம் போட்டது. ஆமாம் சார், என் தப்புதான் சார் என்று மூன்று தடவை சொன்னாள். அக்காவின் பேர் வரவேயில்லை.

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற அக்காவுக்கு நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். தப்பை ஒத்துக்கொள்கிறதிலும் இவள்தானே முந்திக்கொள்கிறாள் என்று தோன்றியது.

அடுத்த வாரம் புது பிட் வந்தது. இந்த முறை தங்கை ரிக்கை விட்டு அசையவில்லை. காலையில் ஆரம்பித்துப் பத்து சென்டிமீட்டர்கூட இறங்கியிருக்காது, ராடு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சரசரவென்று இறங்கியது. தண்ணீர் பழுப்பாகப் பொங்கி வந்தது. பேரலைத் தட்டினால் கல் இல்லை. ஈரமான மஞ்சள் சரளை பொலபொலவென்று விழுந்தது. அதில் பாறையின் வெடிப்புக் கோடுகள்கூட அப்படியே தெரிந்தன, ஆனால் கையில் எடுத்தால் உதிர்ந்தது. ஒன்பது மீட்டரில் இன்னொரு உருண்டை தட்டியது, அரை மீட்டர் பருமன், அதற்கும் மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல். பதினொன்று நாற்பதில்தான் உண்மையான பாறை வந்தது. அதற்குள் மூன்று மீட்டர் இறங்கியும் சாம்பல் நிறம் மாறவில்லை. அந்த ஒரு மூலையில் மட்டும் வெடிப்புகள் அதிகம், அதனால் தண்ணீர் ஆழமாக இறங்கிப் பாறையை அரித்திருக்கிறது, மற்ற துளைகளோடு மட்டம் ஒத்துப்போனது தற்செயல் என்று தங்கை இன்ஜினியரிடம் விளக்கினாள்.

இன்ஜினியர் மேலே நிற்கிற கல்லையும், கீழே பெட்டியில் கிடக்கிற கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "மழை இந்த மண்ணையும் அடிச்சிட்டுப் போயிருந்தா, இதுவும் அது மாதிரி மேல நின்னுட்டிருக்கும், இல்லையா?" என்றார். "நல்ல வேளை மேடம், நீங்க சந்தேகப்பட்டீங்க."

"நான் சந்தேகப்படல சார். தாள்ல ஒண்ணரைன்னு இருந்துது. எங்க அக்கா எழுதின தாள். அது தப்பாது. அப்புறம், அந்தச் சோப்புக்கட்டியும் அவங்க சொன்னதுதான்."

இன்ஜினியர் திரும்பிப் பெட்டியக்காவைப் பார்த்தார், அப்படியா என்று தலையாட்டினார், மறுபடி தங்கை பக்கம் திரும்பி, அப்போ அஸ்திவாரத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். மொத்தம் ஒரு மூச்சு விடுகிற நேரம். இதற்காகவா இத்தனை நாள் உள்ளுக்குள் வெந்தோம் என்று பெட்டியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எரிச்சல் முழுசாகப் போகவும் இல்லை.

எல்லோரும் போனபின் அவள் பெட்டியின் முன்னால் குந்தினாள். விலக்கி வைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக நெருக்கினாள். பையிலிருந்து அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டர் துண்டை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். மேல்முனை முன்துண்டின் முறிவில் நகம் நுழையாதபடி போய்ப் பொருந்தியது. பழுப்பு முனைக்குப் பக்கத்தில், அதே பழுப்பில் அன்றைய சரளை ஆரம்பித்தது.

தாளை எடுத்தாள். அளவுகளில் திருத்த ஒன்றும் இல்லை. குறிப்பு என்று ஒரு கட்டம் ஓரத்தில் உண்டு. பதினெட்டு வருஷமாக அதில் அவள் எழுத வேண்டி வந்ததே இல்லை. இன்றைக்கு எழுதினாள்: "கடைசித் துண்டு 0.12 மீ., எடுத்த அன்று பெட்டியில் வைக்கப்படவில்லை. ஒன்பது நாள் கழித்து வைக்கப்பட்டது. வைக்காதது நான்." கீழே கையெழுத்தும் தேதியும் போட்டாள். மை காயும்வரை ஊதினாள்.

தங்கை வந்து தாளை வாங்கிப் படித்தாள். படித்து முடித்தபின்னும் கண்ணை அந்தக் கட்டத்திலேயே வைத்திருந்தாள்.

"இதை எழுதணுமாக்கா? யாரும் கேக்க மாட்டாங்க."

"என் தாள்ல இருக்கிறது அப்படியே இருக்கணும். நீ கையெழுத்தைப் போடுடி."

தங்கை போட்டாள். பெரிய எழுத்து, பாதி கட்டத்தை அடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு வால் வேறு. அக்கா தாளைத் திருப்பி வாங்கி இரண்டு கையெழுத்தையும் பார்த்தாள். என்னதான் படித்திருந்தாலும் தன் எழுத்துதான் அழகு என்று முடிவு செய்து, தாளை மடக்காமல் கோப்பில் வைத்தாள்.